எடிட்டிங் கம்ப்யூட்டரில் கேம் நன்றாக ஓடுமா?

வீடியோ எடிட்டிங்குக்கோ, பிளெண்டர், மாயா போன்ற முப்பரிமாண மென்பொருளுக்கோ நல்ல கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர் கடையில் தவறாமல் கேட்கும் கேள்வி இது. சில சமயம் வாங்குகிறவருக்கே விளையாட ஆசை இருக்கும். சில சமயம் வீட்டில் கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ கேட்டிருப்பார்கள். இவ்வளவு பணம் போட்டு வாங்குகிறோமே, கேமும் சேர்த்து ஓடிவிட்டால் இன்னொன்று வாங்க வேண்டாமே என்பது நியாயமான எண்ணம்தான்.

கடைக்காரர் பெரும்பாலும் “தாராளமா ஓடும்” என்பார். பாதிப் பேருக்கு அது உண்மையாகவே முடியும். மீதிப் பேர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டு, இதில் பாதி விலைக்கு நண்பன் வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர் ஏன் வேகமாக ஓடுகிறது என்று புரியாமல் தவிப்பார்கள். விலை அதிகமான கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் வேகமாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் சிக்கலின் வேர். எடிட்டிங் கம்ப்யூட்டரில் நாம் கொட்டும் பணத்தில் ஒரு பகுதி விளையாட்டுக்கும் பயன்படும். இன்னொரு பகுதியால் விளையாட்டுக்கு ஒரு பயனும் இல்லை. எந்தப் பகுதி எது என்று தெரிந்துகொண்டால், வாங்கும் முன்பே விடையைச் சொல்லிவிடலாம்.

காத்திருக்கும் வேலையும் காத்திருக்காத வேலையும்

ரெண்டர் செய்வது காத்திருக்கக்கூடிய வேலை. பிளெண்டரில் 10 விநாடி அனிமேஷன் ஒன்றைச் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 240 ஃபிரேம். 8 கோர் உள்ள ப்ராசஸர் ஒரு ஃபிரேமுக்கு 4 நிமிடம் எடுத்தால், எல்லாம் முடிய 16 மணி நேரம் ஆகும். அதே தரத்தில் 16 கோர் உள்ள ப்ராசஸரைப் போட்டால், ஏறத்தாழ 8 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு ஃபிரேமைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொரு கோருக்கும் ஒன்று கொடுத்துவிட முடியும் என்பதே காரணம். ஒரு சதுரம் இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கோர் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் கோர்களின் எண்ணிக்கை அதை ஈடுகட்டிவிடும்.

விளையாட்டு அப்படியல்ல. திரையில் அசைவு தடையில்லாமல் தெரிய விநாடிக்கு 60 ஃபிரேமாவது வர வேண்டும். 1000 மில்லிவிநாடியை 60 ஆல் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி. அதற்குள் நீங்கள் அழுத்திய பட்டனைக் கவனித்து, எதிராளி எங்கே ஓடுகிறான் என்று தீர்மானித்து, குண்டு எதில் பட்டது என்று கணக்கிட்டு, எதையெல்லாம் வரைய வேண்டும் என்ற பட்டியலைக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டும். பட்டனை அழுத்தியது தெரியாமல் ஆள் எங்கே நகர்ந்தான் என்று கணக்கிட முடியாது. ஆள் நகர்ந்தது தெரியாமல் குண்டு பட்டதா என்று சொல்ல முடியாது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகவே நடந்தாக வேண்டிய வேலை நிறைய இருப்பதால், அதன் பெரும்பகுதி ஒரே கோரின் தலையில் விழுகிறது. இன்றைய விளையாட்டுகள் ஒலி, இயற்பியல் கணக்கு, கோப்புகளைத் திறப்பது போன்றவற்றை மற்ற கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. ஆனாலும் ஆறு, எட்டு கோருக்கு மேல் போனால் பெரும்பாலான விளையாட்டுகளில் பயன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

நூறு பேர் பந்திக்குப் பத்து சமையல்காரர்கள் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஒரே ஒரு தோசையை அந்தப் பத்துப் பேரும் சேர்ந்து சீக்கிரம் வேகவைக்க முடியாது. ரெண்டர் பந்திச் சமையல் என்றால் விளையாட்டின் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு தோசை.

கோர் கூடினால் கேம் வேகம் கூடுமா?

ஏஎம்டி நிறுவனத்தின் இரண்டு ப்ராசஸர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 2022-இல் வந்த ரைசன் 9 7950எக்ஸ்-இல் 16 கோர். வெளிவந்தபோது விலை 699 டாலர். 2023-இல் வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி-இல் 8 கோர்தான். விலை 449 டாலர். இரண்டிலும் கோரின் வடிவமைப்பு ஒன்றே. ப்ராசஸரை வைத்து ரெண்டர் செய்யும்போது 7950எக்ஸ் இரண்டு மடங்கை ஒட்டிய வேகத்தில் முடிக்கும். கேமில் 250 டாலர் குறைந்த 7800எக்ஸ்3டி அதை முந்திவிடும்.

காரணம் கேஷ் நினைவகம். ப்ராசஸருக்கு உள்ளேயே இருக்கும் இந்தச் சின்ன நினைவகம் ரேமைவிடப் பல மடங்கு வேகமானது. 7950எக்ஸ்-இல் மூன்றாம் அடுக்கு கேஷ் 64 மெகாபைட். அதுவும் இரண்டு சிப்பில் பாதிப் பாதியாகப் பிரிந்து கிடக்கிறது. 7800எக்ஸ்3டி-இல் சிப்பின் மேல் இன்னொரு அடுக்கை ஏற்றி, எட்டுக் கோருக்கும் பொதுவாக 96 மெகாபைட் வைத்திருக்கிறார்கள். விளையாட்டு தனக்கு வேண்டிய தகவலை இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று சிதறிச் சிதறித் தேடும். ஒவ்வொரு முறையும் ரேம் வரை போய் வந்தால் அந்த 16.7 மில்லிவிநாடி கரைந்துவிடும். தேடும் தகவல் கேஷிலேயே இருந்தால் நேரம் மிச்சம்.

இதைப் படித்துவிட்டு 16 கோர் ப்ராசஸர் விளையாட்டுக்கு ஆகாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 7950எக்ஸ்-இலும் ஒவ்வொரு கோரும் தனித்தனியே நல்ல வேகம். 4கே திரையில் விளையாடும்போது சுமையெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டின் மேல் விழுவதால், இரண்டு ப்ராசஸருக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் அநேகமாக இராது. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும் ரைசன் 9, கோர் ஐ9 போன்ற ப்ராசஸர்களை எடிட்டிங்குக்காக வாங்கியவர்கள் இந்த விஷயத்தில் கவலைப்படத் தேவையில்லை.

வொர்க்ஸ்டேஷன் ரகத்துக்குப் போகும்போதுதான் கதை மாறுகிறது. ஏஎம்டி 2018-இல் கொண்டுவந்த திரெட்ரிப்பர் 2990டபிள்யூஎக்ஸ்-இல் 32 கோர் இருந்தது. விலை 1,799 டாலர். உள்ளே நான்கு சிப்கள். அவற்றில் இரண்டுக்கு ரேமுடன் நேரடித் தொடர்பே கிடையாது. பக்கத்துச் சிப் வழியாகத்தான் ரேமுக்குப் போக வேண்டும். ரெண்டருக்கு அது பெரிய குறையில்லை. விளையாட்டில் அந்தச் சுற்றுவழி நேரத்தைத் தின்றது. இத்தனை கோர்களைக் கண்டு சில பழைய விளையாட்டுகள் தொடங்கவே மறுத்தன. அதனால் அந்த நிறுவனமே தன் மென்பொருளில் ‘கேம் மோட்’ என்று ஒன்றைக் கொடுத்தது. அதைப் போட்டால் 32 கோரில் 24 அணைந்துவிடும். மீதி 8 மட்டும் ஓடும். காசு கொடுத்து வாங்கியதில் முக்கால் பங்கை அணைத்தால்தான் கேம் சீராக ஓடும் என்று தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டதற்கு இது சமம்.

நம் ஊரில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இன்னொரு இடத்தில். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய ஜியான் வொர்க்ஸ்டேஷன்களைச் சுத்தம் செய்து குறைந்த விலைக்கு விற்கிறார்கள். 2016-இல் வந்த ஜியான் இ5-2680 வி4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 14 கோர். இரண்டு ப்ராசஸர் பொருத்திய பெட்டி என்றால் 28. எண்ணிக்கையைக் கேட்டால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் அதன் ஒரு கோர் எவ்வளவு முடுக்கினாலும் 3.3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது. இன்றைய நல்ல ப்ராசஸரின் ஒரு கோர் செய்யும் வேலையில் ஏறத்தாழ பாதியைத்தான் அது செய்யும். இன்றைய கோர் 12 மில்லிவிநாடியில் முடிக்கும் கேம் வேலைக்கு அது 24 எடுத்துக்கொள்கிறது என்று கணக்கிட்டால், விநாடிக்கு 41 ஃபிரேம்தான் வரும். அதில் எத்தனை விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டைச் செருகினாலும் அந்த 41 அசையாது. ப்ராசஸரை வைத்து ரெண்டர் செய்கிறவருக்கு அந்தப் பெட்டி இன்னும் உழைக்கும். விளையாட நினைப்பவர் அதைத் தொட வேண்டாம்.

ஒரே சிப், இரண்டு கார்டு

ப்ராசஸரைவிட விளையாட்டின் விதியை அதிகம் தீர்மானிப்பது கிராஃபிக்ஸ் கார்டு. இங்கேயும் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். என்விடியா 2021-இல் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் ஏ4000 தொழில்முறைக் கார்டு. அதே ஆண்டு வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3070 டிஐ விளையாட்டுக் கார்டு. இரண்டிலும் இருப்பது ஒரே சிப். கணக்குப் போடும் கோர்களும் இரண்டிலும் 6,144. அறிமுக விலையில் ஏ4000 ஆயிரம் டாலர். 3070 டிஐ 599 டாலர்.

விலை கூடிய கார்டு கேமில் தோற்கும். ஏ4000 அதிகபட்சம் 140 வாட் மின்சாரத்தில் ஓடும்படி கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. 3070 டிஐ 290 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதே சிப்புக்குப் பாதி மின்சாரம் கொடுத்தால் அது மெதுவாகத்தான் ஓடும். நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையே தகவல் போகும் வேகமும் ஏ4000-இல் விநாடிக்கு 448 கிகாபைட். 3070 டிஐ-இல் 608. கேமில் ஏ4000 ஏறத்தாழ 3060 டிஐ தரத்தில் நிற்கும். அந்த 3060 டிஐ-இன் அறிமுக விலை 399 டாலர்.

அப்படியானால் அந்தக் கூடுதல் பணம் எதற்கு? ஏ4000-இல் 16 கிகாபைட் நினைவகம். 3070 டிஐ-இல் எட்டுதான். முப்பரிமாணக் காட்சி ஒன்றைக் கார்டில் ரெண்டர் செய்ய வேண்டுமானால் அதன் வடிவங்களும் மேற்பரப்புப் படங்களும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ரெண்டர் பிழை காட்டி நின்றுவிடலாம். அல்லது ரேமைக் கடன் வாங்கி ஆமை வேகத்தில் ஊரும். எட்டில் அடங்காத காட்சி பதினாறில் முடியும்போது அந்தப் பணத்துக்குப் பொருள் இருக்கிறது. நினைவகத்தில் நேரும் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி, பெட்டியில் ஒரே இடத்தை அடைக்கும் மெல்லிய உடல் ஆகியவையும் அதில் உண்டு. சாலிட்வொர்க்ஸ் போன்ற பொறியியல் மென்பொருள்களில் சில காட்சி வசதிகள் சான்று பெற்ற தொழில்முறைக் கார்டில் மட்டுமே அதிகாரபூர்வமாக வேலை செய்யும். இயந்திர வடிவமைப்பு செய்கிறவருக்கு அது அவசியம். பிளெண்டருக்கும் டாவின்சி ரிசால்வுக்கும் பிரீமியருக்கும் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டே அவற்றுக்குப் போதும். கல்யாண வீடியோ எடிட் செய்ய வந்தவரிடம் தொழில்முறைக் கார்டைத் தலையில் கட்டினால், அவர் வேலையும் வேகமாகாது, கேமும் வேகமாகாது.

மடிக்கணினியிலும் இதே வாட் கணக்குதான். ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஒரே பெயரில் வரும் மடிக்கணினிச் சிப் 35 வாட் முதல் 115 வாட் வரை, தயாரிப்பாளர் எப்படி அமைக்கிறாரோ அப்படி ஓடும். எடிட்டிங்குக்கென்று விற்கும் மெல்லிய மாடல்களில் சூட்டையும் சத்தத்தையும் குறைக்கக் குறைந்த வாட்டில் வைப்பார்கள். கேமிங் மாடலில் கூட்டி வைப்பார்கள். பெயரைப் பார்த்து வாங்காமல், விவரப் பட்டியலில் கிராஃபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட் என்று பாருங்கள்.

ரெண்டர் செய்கிறவர்கள் சிலர் இரண்டு கார்டு போடுவார்கள். பிளெண்டரின் சைக்கிள்ஸ் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தி வேலையைக் கிட்டத்தட்ட பாதி நேரத்தில் முடிக்கும். கேமில் இரண்டாவது கார்டு சும்மா இருக்கும். இரண்டு கார்டை இணைத்து விளையாடும் எஸ்எல்ஐ முறைக்குப் புதிய அமைப்புகள் வெளியிடுவதை என்விடியா 2021 தொடக்கத்தோடு நிறுத்திக்கொண்டது.

வீடியோவும் முப்பரிமாணமும் ஒன்றல்ல

கடையில் ‘எடிட்டிங் பிசி’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட கம்ப்யூட்டர்கள் விற்கப்படுகின்றன. கேம் ஓடுமா என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பிளெண்டரில் கார்டை வைத்து ரெண்டர் செய்கிறவர் தன் பணத்தின் பெரும்பங்கைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடுவார். கேமிங் கம்ப்யூட்டர் கட்டுகிறவரும் அதையேதான் செய்வார். அதனால் இந்த இரண்டும் ஏறத்தாழ ஒரே கம்ப்யூட்டர்தான். ஜிஃபோர்ஸ் கார்டு போட்ட முப்பரிமாணக் கம்ப்யூட்டரில் கேம் நன்றாகவே ஓடும்.

வீடியோ எடிட்டிங் வேறு. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பல, எச்.265 என்ற முறையில் வீடியோவை இறுக்கிச் சுருக்கிப் பதிவு செய்கின்றன. டைம்லைனில் ஓட்டும்போது அதை விரித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிற விவரம் கூடுதலாக உள்ள 4:2:2 வகைப் பதிவை விரிப்பதற்கென்றே ஒரு தனிப் பகுதி இன்டெல் ப்ராசஸர்களின் உள்ளிணைந்த கிராஃபிக்ஸில் 11-ஆம் தலைமுறையிலிருந்து இருக்கிறது. என்விடியா கார்டுகளில் அது 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. அதனால் விவரமறிந்த கடைக்காரர் பிரீமியர் பயன்படுத்தும் வீடியோகிராஃபருக்கு நல்ல இன்டெல் ப்ராசஸர், நிறைய ரேம், வேகமான எஸ்எஸ்டி, சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு என்று கட்டிக் கொடுப்பார். வெட்டி ஒட்டும் வேலைக்கு அது அருமையாக ஓடும். அதே பெட்டியில் கனமான விளையாட்டு ஒன்றைப் போட்டால் திணறும். வேலைக்கு அவர் கட்டிக் கொடுத்தது சரிதான். விளையாட்டுக்குத் தேவையான உறுப்பு அதில் சின்னதாக இருக்கிறது, அவ்வளவே. ரிசால்வில் நிறத் திருத்தமும் இரைச்சல் நீக்கமும் அதிகம் செய்கிறவர்கள் பெரிய கார்டு போட்டிருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் குறை இராது.

ரேமிலும் கவனிக்க ஒன்று உண்டு. கேமுக்கு 32 கிகாபைட் தாராளம். எடிட்டிங்குக்கு 64, 128 என்று ஏற்றுவதால் கேம் வேகம் கூடாது. நான்கு துண்டாகப் போட்டால் குறையவும் கூடும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் டிடிஆர்5 ரேம் வேகம் இரண்டு துண்டுக்கு 5200. நான்கு துண்டு போட்டால் 3600 தான். 64 வேண்டுமென்றால் 16 வீதம் நான்காக வாங்காமல் 32 வீதம் இரண்டாக வாங்குவது இரண்டு வேலைக்கும் நல்லது.

திரை சொல்லும் கதை

எடிட்டிங்குக்காக வாங்கும் மானிட்டர் பெரும்பாலும் 4கே, நிறம் துல்லியமானது, விநாடிக்கு 60 முறை படம் மாற்றுவது. விளையாட்டில் அது இரண்டு விதமாக இடிக்கும்.

முதலாவது, புள்ளிகளின் எண்ணிக்கை. முழு எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் சுமார் 83 லட்சம். சரியாக நான்கு மடங்கு. முழு எச்டியில் விநாடிக்கு நூறு ஃபிரேம் தரும் நடுத்தரக் கார்டு 4கே-யில் நாற்பதுக்கும் கீழே இறங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் மோசம் என்று நினைக்க வேண்டாம். கேமின் அமைப்பில் டிஎல்எஸ்எஸ் வசதியைப் ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் வைத்தால், கார்டு உள்ளே முழு எச்டி அளவில் வரைந்து, பிறகு 4கே-க்குப் பெரிதாக்கிக் காட்டும். தரத்தில் கொஞ்சம் இழந்து வேகத்தில் நிறையப் பெறலாம்.

இரண்டாவது, புதுப்பிக்கும் வேகம். கார்டு 150 ஃபிரேம் கொடுத்தாலும் 60 ஹெர்ட்ஸ் திரை 60-ஐத்தான் காட்டும். கதை சொல்லும் விளையாட்டுகளுக்கு அது போதும். வேகமாகச் சுடும் போட்டி விளையாட்டுகளை ஆடுகிறவர்கள் 144 ஹெர்ட்ஸாவது இருக்கும் திரையைத்தான் தேடுவார்கள். எடிட்டிங்குக்குத் துல்லியமான ஒரு திரை, பக்கத்தில் வேகமான முழு எச்டி திரை ஒன்று என்று வைத்துக்கொள்வது நடைமுறையில் நல்ல தீர்வு.

எங்கே அடைக்கிறது என்று கண்டுபிடிக்க

ஏற்கெனவே கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது, கேம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்றால் பணம் செலவழிக்கும் முன் சில சோதனைகள் செய்யுங்கள்.

முதலில் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா? இன்டெல் உள்ளிணைந்த கிராஃபிக்ஸும் தனிக் கார்டும் சேர்ந்து இருக்கும் எடிட்டிங் கம்ப்யூட்டர்களில் கேபிளை மதர்போர்டில் செருகிவிடுவது அடிக்கடி நடக்கும். அப்போது கேம் சின்ன கிராஃபிக்ஸிலேயே ஓடி, விநாடிக்குப் பதினைந்து இருபது ஃபிரேம் தந்துகொண்டிருக்கலாம். கேபிளைக் கார்டுக்கு மாற்றினால் பல நேரம் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, கேம் அமைப்பில் `V-Sync`-ஐ அணைத்துவிட்டு விளையாடுங்கள். இல்லாவிட்டால் எண் 60-இலேயே நின்று ஏமாற்றும். விளையாடியபடியே `Ctrl + Shift + Esc` அழுத்தி `Task Manager`-இல் `Performance` பகுதியைத் திறந்து `GPU` அளவைப் பாருங்கள். அது 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டு தன்னால் முடிந்த மட்டும் உழைக்கிறது. வேகம் வேண்டுமென்றால் கேமின் தரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது பெரிய கார்டு வாங்க வேண்டும். அறுபது எழுபதிலேயே நின்று, ஃபிரேமும் குறைவாக இருந்தால் ப்ராசஸர் கார்டுக்கு வேலை கொடுக்க முடியாமல் தடுமாறுகிறது என்று பொருள். அப்போது மொத்த `CPU` அளவு 15 சதவீதம் என்று காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். பல கோர்கள் சும்மா இருக்க, ஒரே ஒரு கோர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கேமின் அமைப்பில் திரை அளவை 4கே-யிலிருந்து முழு எச்டிக்கு இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை வெகுவாக ஏறினால் அதுவரை தடுத்தது கார்டு. அப்படியே நின்றால் தடுப்பது ப்ராசஸர். பழைய ஜியான் பெட்டிகளில் இந்த இரண்டாவது விடைதான் பெரும்பாலும் வரும். அதற்குப் புதுக் கார்டு வாங்குவது வீண்செலவு.

கேம் நன்றாக ஓடிக்கொண்டிருந்துவிட்டு அவ்வப்போது வெட்டி வெட்டி நின்றால் அதே பகுதியில் `Dedicated GPU memory` நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பியிருந்தால் மேற்பரப்புப் படங்களின் தரத்தை ஒரு படி இறக்கினாலே போதும்.

டிரைவரைப் பற்றியும் ஒரு குழப்பம் உலவுகிறது. என்விடியா ‘ஸ்டூடியோ’, ‘கேம் ரெடி’ என்று இரண்டு டிரைவர் தருகிறது. ஸ்டூடியோ போட்டால் கேம் ஓடாது என்பது தவறு. இரண்டிலும் கேமும் ஓடும், எடிட்டிங்கும் ஓடும். புது விளையாட்டுகளுக்கான திருத்தங்கள் கேம் ரெடியில் முதலில் வரும்; ஸ்டூடியோவை எடிட்டிங் மென்பொருள்களோடு கூடுதலாகச் சோதித்து நிதானமாக வெளியிடுவார்கள். பிழைப்பு அந்தக் கம்ப்யூட்டரில் நடக்கிறது என்றால் ஸ்டூடியோவே இருக்கட்டும்.

மேக் வாங்கியவர்களுக்கு

ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ள மேக்குகள் வீடியோ எடிட்டிங்கில் மிகச் சிறந்தவை. கேமில் அவற்றின் குறை வேகத்தில் இல்லை, விளையாட்டுகள் கிடைப்பதில் இருக்கிறது. சைபர்பங்க் 2077 போன்ற பெரிய விளையாட்டு 2025-இல் மேக்குக்கு வந்திருக்கிறது. ஆனால் வாலரன்ட் மேக்கில் இல்லை. ஜிடிஏ 5-உம் இல்லை. பழைய இன்டெல் மேக்குகளில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் போட்டு விளையாடியதுபோல எம் வரிசையில் செய்யவும் முடியாது. மேக் வாங்கும் முன், நீங்கள் ஆட நினைக்கும் விளையாட்டு அதற்கு வெளியாகியிருக்கிறதா என்று பெயர் பெயராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது?

இரண்டு வேலைக்கும் ஒரே கம்ப்யூட்டர் வேண்டும் என்றால், வீட்டு உபயோக வரிசையில் 8 முதல் 16 கோர் வரை உள்ள இன்றைய ப்ராசஸர் ஒன்று, 12 அல்லது 16 கிகாபைட் நினைவகம் உள்ள ஜிஃபோர்ஸ் கார்டு ஒன்று, இரண்டு துண்டாக 32 அல்லது 64 கிகாபைட் ரேம், வேகமான எஸ்எஸ்டி. எச்.265 வீடியோ அதிகம் வெட்டுகிறவர் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் உள்ள இன்டெல் ப்ராசஸரையோ ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டையோ எடுக்கலாம். இன்டெல் பெயரின் முடிவில் ‘எஃப்’ இருந்தால் அதில் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் இராது. ரேடியான் கார்டுகள் கேமில் கொடுத்த காசுக்கு நல்ல வேகம் தருபவை. ஆனால் பிளெண்டர் சைக்கிள்ஸில் அதே விலை ஜிஃபோர்ஸைவிடப் பின்தங்குகின்றன. ஆகவே முப்பரிமாண வேலை செய்கிறவருக்கு ஜிஃபோர்ஸே பொருத்தம்.

பணம் எங்காவது குறைந்தால் கோர் எண்ணிக்கையைக் குறையுங்கள், கார்டைக் குறைக்காதீர்கள். ரெண்டர் சில மணி நேரம் தாமதமானால் இரவில் ஓடவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம். சின்னக் கார்டோ ரெண்டரையும் கேமையும் ஒருசேர இழுத்துப் பிடித்துவிடும்.

திரெட்ரிப்பர், ஜியான், தொழில்முறைக் கார்டு, இரண்டாவது கார்டு ஆகியவற்றுக்கு நீங்கள் கொடுக்கும் பணம் முழுக்க வேலைக்கான பணம். அந்த வேலையில் அது திரும்பி வருமென்றால் கொடுங்கள். கேமும் சேர்ந்து வேகமாகும் என்று நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.